விதை எங்கே போச்சு? ஒரு கதைப்புத்தகம் செய்த பதிவு

அண்ணன் மகளுக்கு ஏழு வயது. ஒரு விதை செடியாகிற கதையைப் பதினாறு பக்கக் கைப்புத்தகமாகச் செய்து தருகிறேன் என்று அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்த முதல் பிரதி இப்படிப் போனது:

"மண்ணுக்கடியில் ஒரு விதை தூங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தது. சூரியன் வந்து 'எழுந்திரு' என்று தட்டியது. விதை கண் விழித்தது. மண்ணைச் சாப்பிட்டது. இரண்டு பச்சை இலைகளை நீட்டிக்கொண்டு மேலே வந்தது."

படித்துவிட்டுக் கேட்டாள்: "அத்தே, செடி வந்துருச்சு. விதை எங்க போச்சு?"

"விதைதான் செடியாயிருச்சு."

"அதான், எப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த முளைவேர், முளைக்குருத்து, வித்திலை எல்லாம் பெயராக நினைவிருந்தன. கண்ணால் பார்த்த ஞாபகம் ஒன்றுகூட இல்லை. பார்க்காமல் எழுதினால் இப்படித்தான் வரும் என்று பிரதியை மடித்து வைத்துவிட்டு, முதலில் விதையைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கடைசியில் அந்த ஆறு வாக்கியங்களில் உருப்படியாக மிஞ்சியது "மழை வந்தது" மட்டும்தான். அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது.

எந்த விதை

கதைக்கு எந்த விதையை நாயகனாக்குகிறோம் என்பதிலேயே பாதிக் கதை முடிவாகிவிடுகிறது. பட்டாணி பெரிதாக, உருண்டையாக, வரைவதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் பட்டாணி முளைக்கும்போது அதன் இரண்டு பருப்புகளும் மண்ணுக்கடியிலேயே தங்கிவிடும். குருத்து மட்டும் மேலே வரும். அதை நாயகனாக்கினால், "விதை எங்க போச்சு" என்கிற கேள்விக்கான பதில் கடைசிவரை மண்ணுக்குள் புதைந்தே கிடக்கும். அவரை, தட்டப்பயறு, புளி எல்லாம் வேறு ரகம். பருப்பு இரண்டையும் தூக்கிக்கொண்டே வெளியே வருபவை. பச்சைப்பயறும் அப்படித்தான், ஆனால் பிளந்து உள்ளே காட்ட ரொம்பச் சின்னது.

தட்டப்பயறு என்று முடிவு செய்தேன். சில ஊர்களில் காராமணி என்பார்கள். வெளுத்த விதை, நடுவில் கறுப்புக் கண். பெயர் தானாக வந்தது: கருவிழி.

அந்தக் கண் கண்ணே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கறுப்பின் நடுவில் இருப்பது, காயின் உள்ளே விதை ஒட்டிக்கொண்டிருந்த இடத்தின் தழும்பு. நமக்குத் தொப்புள் மாதிரி. தழும்பின் ஒரு முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி முனையளவு துளை தெரியும். ஊறிய விதையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் முத்துக் கட்டும். இதைக் காட்டியதும் பிள்ளை பத்து விதையை அழுத்திப் பார்த்துக் களைத்தாள். 'விதை கண் விழித்தது' என்ற வரியை அடித்துவிட்டு, "கருவிழியின் கண் பார்ப்பதற்கு இல்லை. அது அம்மாவோடு ஒட்டியிருந்த இடம்" என்று எழுதினேன்.

கண்ணாடி டம்ளர்

ஒரு விதையின் கதை என்றாலும் ஒரு விதையை மட்டும் வைத்துப் பார்க்க முடியாது. உள்ளே என்ன என்று பிளந்து பார்த்த விதை அதோடு முடிந்தது. அதனால் கருவிழிக்கு இருபது 'உடன்பிறப்புகள்' எடுத்துக்கொண்டேன். தினம் ஒன்றைப் பிளந்து பார்க்க, மீதியை வளரவிட.

நேரான சுவருள்ள கண்ணாடி டம்ளர். உள்சுவரை ஒட்டி உறிஞ்சும் தாளைச் சுருட்டி வைத்து, நடுவில் பழைய துணியை அடைத்தேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே விதைகளைப் பாதி உயரத்தில் செருகினேன். அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். தாள் அதை உறிஞ்சி மேலே அனுப்பும், விதை நேராகத் தண்ணீரைத் தொடாது. வெளியே கறுப்புத் தாளில் ஓர் உறை. அதுதான் 'மண்'. உறையைத் தூக்கினால் படம் வரையலாம், இறக்கினால் இருட்டு. டம்ளர் மேல் கண்ணாடித்தாளைச் சுற்றி மார்க்கரால் அப்படியே நகல் எடுத்தேன். எனக்கு வரைய வராது என்பதால் இது பெரிய உதவி.

இதைச் சரியாகச் செய்தது இரண்டாம் முறைதான். முதல் முறை தாராளமாகத் தண்ணீரை ஊற்றி விதைகளை முழுக்க மூழ்கடித்துவிட்டேன். முதல் நாள் அழகாக உப்பின. மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது, மேலே நுரை, மூக்கைப் பொத்த வைக்கும் வாடை. ஒன்றும் முளைக்கவில்லை. எடுத்து அழுத்தினால் தோலுக்குள்ளிருந்து பருப்பு கூழாக வழிந்தது.

விதை மூச்சு விடுகிறது. இது எனக்குப் புத்தகச் செய்தியாக மட்டுமே தெரிந்திருந்தது. காய்ந்திருக்கும்போது அந்த மூச்சு இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில்தான். நீர் பட்டதும் உள்ளே வேலை தொடங்கி, காற்று நிறையத் தேவைப்படுகிறது. மூழ்கிக் கிடந்தால் அந்தக் காற்று போய்ச் சேராது. என் முதல் பிரதியில் மூன்று நாள் அடைமழை என்று படம் வேறு திட்டமிட்டிருந்தேன். அந்த மழையில் கருவிழி அழுகித்தான் போயிருப்பாள். கதையில் மழை ஒரு ராத்திரியோடு நின்றது: "தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் போனது. அது விட்டுப்போன சந்துகளில் காற்று வந்து உட்கார்ந்தது."

முதலில் தோல்

விதை நீர் குடிப்பதை ஒரே வரியில் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து விதைகளைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தபோதுதான் அது தனிப் பக்கத்துக்கு உரிய காட்சி என்று புரிந்தது.

விதை முதலில் உப்புவதில்லை, சுருங்குகிறது. சுருங்குகிற மாதிரி தெரிகிறது என்பதுதான் சரி. தோல் தண்ணீரைக் குடித்துப் பெரிதாகிவிடுகிறது; உள்ளே பருப்பு இன்னும் காய்ந்தே கிடக்கிறது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தோல் தொளதொளத்து மடிப்பு மடிப்பாக நிற்கிறது. அப்புறம் மெல்லப் பருப்பு உப்பி, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீட்டி, சில மணி நேரத்தில் தோல் விறைத்துக்கொள்கிறது. சமையலறைத் தராசில் ஐம்பது விதைகளை ஒன்றாக வைத்து நிறுத்தேன். காய்ந்தபோது 9 கிராம், ராத்திரி முழுக்க ஊறியபின் 19 கிராம்.

அந்த ஐம்பதில் இரண்டு விதைகள் ஊறவே இல்லை. மறுநாளும் கல் மாதிரி கிடந்தன. செத்த விதை என்று தூக்கிப்போடப் போனேன். அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது. தோல் நீர் புகாதபடி இறுகியிருந்தாலும் இப்படித்தான் கிடக்கும். ஒன்றை உப்புத்தாளில் கண்ணில்லாத பக்கமாக நாலு தேய்ப்புத் தேய்த்து மறுபடி போட்டேன், ஊறியது, முளைத்தும் விட்டது. இதைக் கதையில் சேர்க்க ஆசைதான். ஆனால் கருவிழியின் பாதை தப்பும் என்று விட்டுவிட்டேன்.

ஊறிய விதையின் தோலை உரித்து, பருப்பை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதியின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசி முனையளவு. ஒரு பக்கம் கூரான சின்ன வால், அது முளைவேர். மறுபக்கம் மடித்துவைத்த இரண்டு குட்டி இலை, அது முளைக்குருத்து. லென்ஸில் இலை நரம்புகூடத் தெரிகிறது. இன்னும் ஒரு சொட்டு மண்ணைத் தொடவில்லை, வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. செடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

விதை செடியாக 'மாறுகிறது' என்று நான் சொன்னது இங்கேதான் உடைந்தது. உள்ளே ஒரு குட்டிச் செடி, அதன் இரு பக்கமும் அதற்கான கட்டுச்சோறு, மேலே ஒரு போர்வை. மூன்றும் சேர்ந்துதான் விதை. இப்படிப் பிரித்துச் சொன்னதும் பிள்ளையின் கேள்வியும் தெளிவாகிவிட்டது. குட்டிச் செடி வளர்ந்தது சரி, போர்வையும் சோறும் எங்கே போயின? மிச்சக் கதை முழுக்க அதைத் தேடுவதுதான்.

நான்காம் பக்கத்தை அட்டைக் கதவாகச் செய்தேன். இரண்டு பருப்பும் கதவு போலத் திறக்கும், உள்ளே குட்டிச் செடி.

வேர்தான் முதலில்

டம்ளரில் இரண்டாம் நாள் காலை தோல் கிழிந்து வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. எல்லா விதையிலும் வேர்தான் முதலில். இலை முதலில் வந்தது ஒன்றுகூட இல்லை. முனையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி சிலவற்றையும், மேல் பார்க்கும்படி சிலவற்றையும் வேண்டுமென்றே செருகியிருந்தேன். மேலே பார்த்தவை கொஞ்சம் நீண்டதும் வளைந்து கீழே திரும்பிவிட்டன. வேர் முனையின் தொப்பியில் உள்ள செல்களுக்குள் கனமான மாவுப்பொருள் மணிகள் இருக்கின்றன. விதை எப்படிக் கிடந்தாலும் அவை அடிப்பக்கம் போய்ப் படிகின்றன, வேர் அந்தத் திசையை நோக்கி வளைகிறது. கதையில் இதை, "கருவிழியின் வேர்முனையில் சின்னச் சின்ன மணிகள். மணி உருளும் பக்கம் கீழ்ப்பக்கம்" என்று முடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு தப்பு செய்தேன். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு. பூஞ்சை பிடித்துவிட்டது என்று நன்றாக வளர்ந்த இரண்டு நாற்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். மூன்றாவதைப் பிடுங்கும்போதுதான், பஞ்சு வேர்முனையில் இல்லாமல் அதற்குச் சற்றுப் பின்னால் மட்டும், பல்துலக்கும் பிரஷ் மாதிரி சீராக இருப்பதைக் கவனித்தேன். அவை வேர்த்தூவிகள், தண்ணீரை உறிஞ்ச வந்தவை. மேலே தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும். நிஜப் பூஞ்சை பெரும்பாலும் விதைத் தோலில் தொடங்கும், ஒட்டடை மாதிரி தாறுமாறாகப் படரும், தொட்டால் பிசுபிசுக்கும், மூக்கும் சொல்லிவிடும். அதுவும் ஒன்றிரண்டில் வந்தது. அவற்றை எடுத்துவிட்டு டம்ளரின் தண்ணீரை மாற்றினேன்.

இதெல்லாம் கறுப்பு உறைக்குள், இருட்டிலேயே நடந்தது. ஆக, எழுப்பியது சூரியன் இல்லை. முளைக்க வெளிச்சம் கேட்கிற பொடி விதைகள் சில உண்டு, தட்டப்பயறு அந்த ஜாதி இல்லை. இதற்கு வேண்டியது நீரும் காற்றும் இதமான சூடும். சூரியன் பாத்திரத்தைக் கதையின் பின்பாதிக்குத் தள்ளிவிட்டேன்.

முதுகால் முட்டுவது

டம்ளரோடு, மண் நிரப்பிய ஆறு கோப்பைகளிலும் இரண்டு விரல்கடை ஆழத்தில் விதை போட்டிருந்தேன். அடியில் துளையிட்ட கோப்பைகள். மண் மேலே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க அது வேண்டும்.

இதற்கிடையில் ஒன்பதாம் பக்கத்துக்கு ஓர் இழுப்பு அட்டை செய்துகொண்டிருந்தேன். பழுப்பு அட்டை மண். அதில் விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. பின்னாலிருந்து பட்டையைத் தள்ளினால் இரண்டு இலையோடு செடி வெளியே வரும். எல்லாப் படங்களிலும் வருகிற மாதிரி நேரான தண்டு, உச்சியில் விரித்த இரண்டு இலை. தள்ளினால் இலை வெட்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. வெட்டை அகலமாக்கினேன், இலையை மடித்தேன், மேலே பசை பூசிக் கெட்டியாக்கினேன். ஒவ்வொரு முறையும் உச்சி மடங்கிக் கசங்கியது.

நான்காம் நாள் காலை கோப்பைகளைப் பார்த்தால் மண்ணில் வெடிப்பு, அதில் வெளிறிய ஒரு வளையம். கைப்பை பிடி மாதிரி. இலையும் இல்லை, உச்சியும் இல்லை. தண்டு குனிந்து, முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வருகிறது. தலை இன்னும் கீழே. மத்தியானத்துக்குள் வளையம் உயர்ந்து, பருப்பு இரண்டையும் பின்னாலிருந்து உருவி வெளியே இழுத்துவிட்டது. குருத்து அந்தப் பருப்புகளின் நடுவே மூடிப் பத்திரமாக இருந்தது. மண்ணில் உரசியது முழுக்கத் தண்டின் முதுகுதான்.

நான் அட்டையில் மூன்று நாள் மல்லுக்கட்டிய சிக்கலுக்குச் செடி வைத்திருந்த வழி அது. பட்டையைக் கொக்கி போல மடித்து, வளைவு முதலில் வெளிவரும்படி மாற்றினேன். பருப்பும் இலையும் வாலாகப் பின்னால் இழுபட்டு, ஒட்டிக்கொண்டு வந்தன. வெட்டைப் பழையபடி குறுக்கியும் ஒருமுறைகூட மாட்டவில்லை. பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல் நுனியில் ஒரு காகிதப் பூவை ஒட்டி மணலுக்குள்ளிருந்து நேரே மேலே குத்தச் சொன்னேன், பூ கிழிந்தது. விரலை மடக்கி, கணுவால் முட்டச் சொன்னேன், பூ தப்பித்தது.

வெளிச்சம் பட்டபின்தான் கொக்கி நிமிர்கிறது. இதற்காக ஒரு கோப்பையைப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தேன். ஏழாம் நாள் திறந்தால் வெளிறிப்போய், மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு நூலாக வளர்ந்து, தலை இன்னும் குனிந்தே இருந்தது. தான் இன்னும் மண்ணுக்குள்தான் இருப்பதாக அதற்கு நினைப்பு. வெளியே எடுத்து வைத்ததும் ஓரிரு நாளில் நிமிர்ந்து பச்சையானது. சூரியன் கதைக்குள் நுழைகிற இடம் இதுதான்: "வெளிச்சம் முதுகில் பட்டது. கருவிழி குனிந்த தலையை நிமிர்த்தினாள்."

ஆறு கோப்பைகளில் ஒன்று மொட்டையாக வந்தது. தண்டு மட்டும் பச்சையாக நின்றது, உச்சியில் ஒன்றுமே இல்லை. கிளறிப் பார்த்தேன். அந்தக் கோப்பையில் தண்ணீரை மேலிருந்து கொட்டியதில் மண் ஆடைகட்டிக் காய்ந்திருந்தது. முட்டிய வேகத்தில் கழுத்து முறிந்து, பருப்பும் குருத்தும் ஆடைக்குக் கீழேயே தங்கிவிட்டன. குருத்து போனால் அதற்குமேல் அந்த நாற்று தேறுவது அரிது. பிறகு எல்லாவற்றுக்கும் தெளிப்பான்தான்.

சோறு தீர்வது

பருப்பு சோறுதானா என்று ஒரு சின்னச் சோதனை. டம்ளரில் இரண்டாம் நாள் நாற்றுகளில் ஒன்றுக்கு ஒரு பருப்பைக் கிள்ளினேன், இன்னொன்றுக்கு இரண்டையும். குருத்தைத் தொடாமல் கிள்ள வேண்டும். முதல் நாற்று என் நகத்துக்குப் பலியானது. ஒரு பருப்போடு இருந்தது வளர்ந்தது, ஆனால் சின்ன இலை. இரண்டும் இழந்தது கொஞ்ச தூரம் நீண்டு அப்படியே நின்றுவிட்டது. இரண்டையும் வைத்திருந்தவை வெறும் ஈரத்தாளில், ஒரு பிடி மண்கூட இல்லாமல், இலை விரிக்கும் வரை வந்தன. 'மண்ணைச் சாப்பிட்டது' என்ற வரியும் அத்தோடு போனது. மண்ணிலிருந்து வேர் எடுப்பது நீரும் அதில் கரைந்த உப்புகளும். முதல் வாரத்துச் சாப்பாடு அம்மா கட்டிக்கொடுத்தது.

ஆறாம் நாள் முதல் இரண்டு இலைகள் எதிரெதிரே விரிந்தன, ஒவ்வொன்றும் ஒற்றை இலை. அதற்கு அடுத்து வந்த இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருந்தது. நான் எல்லா இலையையும் ஒரே அச்சில் வெட்டி வைத்திருந்தேன், திரும்ப வெட்டினேன்.

இலை பச்சையாகப் பச்சையாகப் பருப்பு ஒடுங்கியது. முதல் நாள் கொழுத்திருந்தது, எட்டாம் நாள் காய்ந்த தோல் செருப்பு மாதிரி வளைந்து தொங்கியது. பத்தாம் நாள் தண்ணீர் தெளிக்கும்போது ஒரு கோப்பையில் ஒன்று விழுந்தது, மறுநாள் அதன் ஜோடி. எடுத்துக் காகிதத்தில் வைத்துப் பிள்ளையிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் கருவிழியா?"

"அவ கொண்டுவந்த சாப்பாட்டு மூட்டை. உள்ள இருந்ததெல்லாம் செடிக்குள்ள போயிருச்சு."

"அப்ப போர்வை?"

கோப்பை மண்ணைக் குச்சியால் கிளறினோம். வேர்க்கழுத்துக்குப் பக்கத்தில், நசுங்கி, அந்தக் கறுப்புக் கண் அப்படியே இருக்கிற வெற்றுத் தோல் கிடைத்தது.

பதினைந்தாம் பக்கத்தை அதற்குப் பிறகுதான் வரைந்தேன். மேலே மூன்று சிற்றிலையோடு செடி, மண்மேல் சுருங்கிய இரண்டு பை, மண்ணுக்குள் கண்ணுள்ள தோல். எழுத்து ஒன்றும் போடவில்லை. பூவும் காயும் வரும்வரை கொண்டுபோகலாமே என்று அண்ணி கேட்டார். பூ வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பதினாறு பக்கத்தில் அடங்காது என்றேன். பதினாறாம் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் அந்தத் தோலையும் காய்ந்த இரண்டு பருப்பையும் பசை வைத்து ஒட்டினோம். தோல் ஒட்டிக்கொண்டது, பருப்பில் ஒன்று இரண்டு தடவை உதிர்ந்து, இப்போது டேப்பில் நிற்கிறது.